ஃபாரெஸ்ட் பிளாட்டில் சராசரியைவிட முக்கியமானது: பி.சி.ஜி. ஆய்வுகளை வைத்து ஒரு விளக்கம்

செங்கல்பட்டு மாவட்டத்தில் 1968-இல் ஒரு மிகப் பெரிய தடுப்பூசி ஆய்வு தொடங்கியது. காசநோய்க்குப் போடப்படும் பி.சி.ஜி. ஊசி உண்மையில் எவ்வளவு காக்கிறது என்று அளந்து பார்ப்பதுதான் நோக்கம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், உலக சுகாதார நிறுவனம், அமெரிக்கப் பொதுச் சுகாதார சேவை மூன்றும் சேர்ந்து நடத்தின. சில ஆண்டுகள் கழித்து முதல் முடிவுகள் வந்தபோது, ஊசி போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் காசநோய் வந்திருந்தது. ஆனால் பிரிட்டனில் பள்ளிப் படிப்பை முடிக்கும் பிள்ளைகளிடம் அதற்கு முன்பே நடந்த ஆய்வில், ஊசி நோயை நான்கில் மூன்று பங்குக்கு மேல் குறைத்திருந்தது.

இரண்டும் கவனமாகச் செய்யப்பட்ட பெரிய ஆய்வுகள். இவற்றையும், இவற்றோடு உலகின் வேறு இடங்களில் நடந்த 11 ஆய்வுகளையும் ஒன்றாகச் சேர்த்து, 1994-இல் கோல்டிட்ஸ் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் ஒரு மெட்டா அனாலிசிஸ் வெளியிட்டார்கள். பல ஆய்வுகளின் முடிவுகளை, ஒவ்வொன்றுக்கும் உரிய எடை கொடுத்து, ஒரே கணக்காகத் தொகுக்கும் முறைக்குத்தான் மெட்டா அனாலிசிஸ் என்று பெயர். அவர்களுக்குக் கிடைத்த விடை 0.49. அதாவது பி.சி.ஜி. காசநோயை ஏறக்குறைய பாதியாகக் குறைக்கிறது.

யாருக்குப் பாதியாகக் குறைக்கிறது? செங்கல்பட்டில் குறையவே இல்லை. பிரிட்டனில் பாதியைவிட அதிகமாகக் குறைந்தது. அந்த 0.49 இந்த இரண்டு ஊர்களில் எதற்குமே பொருந்தவில்லை. ஆய்வுகளுக்கு இடையே உள்ள இந்த வேறுபாட்டைத்தான் புள்ளியியலில் ஹெட்டிரோஜெனிட்டி என்கிறார்கள். அதைக் கண்ணால் பார்ப்பது எப்படி, எண்ணால் அளப்பது எப்படி, அந்த எண் எங்கே நம்மைத் தவறாக வழிநடத்தும் என்பதை இந்த 13 ஆய்வுகளை வைத்தே பார்த்துவிடலாம்.

முதலில் ஒரு வரி

ஃபாரெஸ்ட் பிளாட் என்பது, ஒரு ஆய்வுக்கு ஒரு வரி என்று வரிசையாக அடுக்கிய படம். ஒரு வரியில் என்ன இருக்கிறது என்று புரிந்துவிட்டால் மற்றவை தானாக வந்துவிடும்.

பிரிட்டன் ஆய்வை எடுத்துக்கொள்வோம். ஊசி போட்ட 13,598 பேரில் 62 பேருக்குக் காசநோய் வந்தது. போடாத 12,867 பேரில் 248 பேருக்கு வந்தது. முதல் குழுவில் நோய் வந்த விகிதம் 0.46 சதவீதம், இரண்டாவதில் 1.93 சதவீதம். முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் 0.24. இதுதான் ரிலேட்டிவ் ரிஸ்க், அதாவது ஆபத்து விகிதம். 1 என்று வந்தால் ஊசியால் எந்த மாற்றமும் இல்லை. 1-க்குக் கீழே வந்தால் ஊசி காக்கிறது. மேலே போனால் ஊசி போட்டவர்களுக்குத்தான் நோய் அதிகம்.

படத்தில் இந்த 0.24 ஒரு சிறு சதுரம். அதன் இருபுறமும் நீளும் கோடு 95 சதவீத நம்பக இடைவெளி. இந்த ஆய்வுக்கு அது 0.18-இல் தொடங்கி 0.31-இல் முடிகிறது. ஆய்வில் நோய் வந்தவர்களின் எண்ணிக்கை தற்செயலாகக் கொஞ்சம் கூடியோ குறைந்தோ போயிருக்கலாம். அதைக் கணக்கில் எடுத்துக்கொண்டாலும் உண்மையான மதிப்பு இந்த எல்லைக்குள் இருக்கும் என்று எடுத்துக்கொள்கிறோம். படத்தின் நடுவே 1 என்ற இடத்தில் ஒரு செங்குத்துக் கோடு இருக்கும். எல்லா வரிகளையும் அதோடு ஒப்பிட்டுத்தான் பார்க்க வேண்டும்.

கீழே உள்ள அளவுகோலையும் ஒரு முறை பாருங்கள். 0.5-க்கும் 1-க்கும் உள்ள தூரமும், 1-க்கும் 2-க்கும் உள்ள தூரமும் சமமாக இருக்கும். ஆபத்து பாதியாவதும் இரட்டிப்பாவதும் எதிரெதிர்த் திசையில் ஒரே அளவு மாற்றம் என்பதால், விகிதங்களை மடக்கை அளவில்தான் வரைவார்கள்.

கோட்டின் நீளம் எதைப் பொறுத்தது? ஆய்வில் எத்தனை பேர் இருந்தார்கள் என்பதைப் பொறுத்தது என்றுதான் பலரும் நினைப்பார்கள். இந்தத் தொகுப்பிலேயே அதற்கு மறுப்பு இருக்கிறது. அரான்சன் 1948-இல் வெளியிட்ட ஆய்வில் மொத்தம் 262 பேர்தான். அவர்களில் 15 பேருக்கு நோய் வந்தது. காம்ஸ்டாக், வெப்ஸ்டர் இருவரும் 1969-இல் வெளியிட்ட ஆய்வில் 4,839 பேர். ஆனால் நோய் வந்தது 8 பேருக்குத்தான். முதல் ஆய்வின் கோடு 0.13 முதல் 1.26 வரை. இரண்டாவதன் கோடு 0.37 முதல் 6.53 வரை. பதினெட்டு மடங்கு ஆட்கள் இருந்தும் இரண்டாவது கோடுதான் நீளம். துல்லியத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் நோய் வந்தவர்களின் எண்ணிக்கைதான்.

இன்னொரு தவறான வாசிப்பும் அடிக்கடி நடக்கிறது. கோடு 1-ஐத் தொட்டுவிட்டால் "இந்த ஆய்வில் பயன் இல்லை" என்று எழுதிவிடுகிறார்கள். அரான்சன் ஆய்வின் கோடு 1-ஐத் தாண்டுகிறது. செங்கல்பட்டு ஆய்வின் கோடும், 0.89 முதல் 1.14 வரை, 1-ஐத் தாண்டுகிறது. இரண்டும் ஒரே செய்தியைச் சொல்லவில்லை. செங்கல்பட்டின் கோடு மிகக் குட்டையானது. ஊசி போட்ட 88,391 பேரில் 505 பேருக்கும், போடாத அதே எண்ணிக்கையில் 499 பேருக்கும் நோய் வந்தது. அங்கே பெரிய பயன் எதுவும் இல்லை என்று இந்த எண்களை வைத்து உறுதியாகச் சொல்லலாம். அரான்சன் ஆய்வின் சதுரமோ 0.41-இல் நிற்கிறது. ஊசி நன்றாகவே காத்திருக்கலாம், ஆனால் 15 நோயாளிகளை வைத்து அதை உறுதிசெய்ய முடியவில்லை. முதல் ஆய்வு "இல்லை" என்கிறது, இரண்டாவது "தெரியவில்லை" என்கிறது.

வைரத்துக்கு முன் சிதறலைப் பாருங்கள்

எல்லா வரிகளுக்கும் கீழே ஒரு வைர வடிவம் இருக்கும். அதன் நடுப்பகுதி தொகுத்த சராசரி, இரு முனைகளும் அந்தச் சராசரியின் நம்பக இடைவெளி. கண் நேராக அங்கேதான் போகும். அதைக் கொஞ்சம் தள்ளிப்போட்டுவிட்டு, மேலே உள்ள கோடுகள் ஒன்றின் மேல் ஒன்று படிகின்றனவா என்று முதலில் பார்ப்பது நல்லது. ஒரு ஸ்கேலைச் செங்குத்தாக வைத்தால் ஏறக்குறைய எல்லாக் கோடுகளையும் வெட்டிப்போகும் ஒரு இடம் கிடைக்கிறதா?

பி.சி.ஜி. படத்தில் அப்படி ஒரு இடம் இல்லை. பிரிட்டனின் கோடு 0.31-இல் முடிந்துவிடுகிறது. செங்கல்பட்டின் கோடு 0.89-இல்தான் தொடங்குகிறது. நடுவே பெரிய வெற்றிடம். வெறும் தற்செயலால் இவ்வளவு விலகல் வராது என்று கணக்கே போடாமல் சொல்லிவிடலாம். கணக்கும் அதைத்தான் சொல்கிறது.

அந்தக் கணக்கு இப்படிப் போகிறது. முதலில், துல்லியமான ஆய்வுக்கு அதிக எடை கொடுத்து ஒரு சராசரி எடுக்கிறோம். இந்த 13 ஆய்வுகளுக்கு அது 0.65. பிறகு ஒவ்வொரு ஆய்வும் அந்தச் சராசரியிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று மடக்கை அளவில் பார்த்து, அந்தத் தூரத்தை அந்த ஆய்வின் திட்டப் பிழையால், அதாவது அதன் விடை தற்செயலால் எவ்வளவு ஆடக்கூடும் என்பதன் அளவால், வகுக்கிறோம். கிடைப்பதை வர்க்கப்படுத்தி எல்லாவற்றையும் கூட்டினால் வருவது Q. இது காக்ரன் என்ற புள்ளியியலாளரின் அளவு.

எல்லா ஆய்வுகளும் ஒரே உண்மையைத்தான் அளந்தன, வேறுபாடு முழுவதும் தற்செயல் என்றால், Q சராசரியாக ஆய்வுகளின் எண்ணிக்கையில் ஒன்று குறைவாக இருக்க வேண்டும். இங்கே 12. ஆனால் கிடைத்தது 152.2. இதில் யாருடைய பங்கு எவ்வளவு என்றும் பார்த்துவிடலாம். பிரிட்டன் ஆய்வு சராசரிக்குக் கீழே சுமார் ஏழு திட்டப் பிழை தூரத்தில் நிற்கிறது. அதன் வர்க்கம் ஏறக்குறைய 51. செங்கல்பட்டு ஆய்வு அதே சராசரிக்கு மேலே சுமார் ஏழு திட்டப் பிழை தூரத்தில் நிற்கிறது. அதன் பங்கு 49. மொத்த Q-வில் மூன்றில் இரண்டு பங்கை இந்த இரண்டு ஆய்வுகளே கொடுக்கின்றன. மெட்டா அனாலிசிஸ் கட்டுரைகளில் இந்தப் பங்கீட்டை எல்லாரும் அச்சிடுவதில்லை. ஆனால் எந்த ஆய்வுகள் ஒன்றோடொன்று முரண்படுகின்றன என்று கண்டுபிடிக்க இதைவிட நேரான வழி இல்லை.

I² என்ன சொல்கிறது, என்ன சொல்லவில்லை

Q-வுக்கு ஒரு குறை உண்டு. ஆய்வுகளின் எண்ணிக்கை கூடினால் அதுவும் கூடும் என்பதால், ஒரு மெட்டா அனாலிசிஸின் Q-வை இன்னொன்றோடு ஒப்பிட முடியாது. இதற்காக ஹிக்கின்ஸ், தாம்சன் இருவரும் 2002-இல் முன்வைத்ததுதான் I²:

```
I² = (Q − (k − 1)) / Q × 100
   = (152.2 − 12) / 152.2 × 100
   = 92%
```

இதில் k என்பது ஆய்வுகளின் எண்ணிக்கை. விடை எதிர்மறையாக வந்தால் 0 என்று எடுத்துக்கொள்வார்கள். முடிவுகளில் நாம் பார்க்கும் மொத்தச் சிதறலில் 92 சதவீதம் தற்செயலால் விளக்க முடியாதது என்பது இதன் பொருள்.

இந்தப் பொருளை ஒரு முறைக்கு இரண்டு முறை படிக்க வேண்டும். I² ஒரு விகிதம். சிதறல் எவ்வளவு பெரியது என்று அது சொல்லவில்லை. சிதறலில் எத்தனை பங்கு தற்செயல் அல்லாதது என்றுதான் சொல்கிறது. இதைப் புரிந்துகொள்ள ஒரு சிறு கற்பனைக் கணக்கு போதும். இதே 13 ஆய்வுகளும் பத்தில் ஒரு பங்கு ஆட்களோடு நடந்து, ஒவ்வொன்றிலும் அதே ஆபத்து விகிதம் கிடைத்ததாக வைத்துக்கொள்வோம். பிரிட்டன் அதே 0.24, செங்கல்பட்டு அதே 1.01. படத்தில் ஒரு சதுரம்கூட இடம் மாறாது. கோடுகள் மட்டும் சுமார் மூன்று மடங்கு நீளும். அப்போது Q-வும் பத்தில் ஒரு பங்காகி 15.2 ஆகிவிடும். I² கணக்குப் போட்டால் 21 சதவீதம்.

அதே சதுரங்கள், அதே தூரங்கள். ஆனால் 92 எங்கே, 21 எங்கே! நீளமான கோடுகள் ஒன்றையொன்று மூடிக்கொள்வதால், இந்த வேறுபாடு தற்செயலாகவும் இருக்கலாம் என்று கணக்கு ஒப்புக்கொள்கிறது. ஆகவே I² குறைவாக இருந்தால் "ஆய்வுகள் ஒத்துப்போகின்றன" என்று முடிவுகட்டக் கூடாது. ஆய்வுகள் சிறியவை என்பதும் காரணமாக இருக்கலாம். அதுபோலவே, எல்லாமே மிகப் பெரிய ஆய்வுகள் என்றால், 0.70-க்கும் 0.75-க்கும் உள்ள அற்ப வேறுபாடுகூட I²-ஐ மிக உயர்த்திக் காட்டும். 25, 50, 75 சதவீதங்களைக் குறைவு, நடுத்தரம், அதிகம் என்று பலர் அட்டவணைபோல் மேற்கோள் காட்டுகிறார்கள். அந்த எண்கள் 2003-இல் ஒரு தோராயமான வழிகாட்டியாகச் சொல்லப்பட்டவை. படத்தைப் பார்க்காமல் அவற்றை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதினால் நிச்சயம் தவறு நேரும். அதோடு, ஆய்வுகள் ஐந்தாறு மட்டுமே இருக்கும்போது I²-வே மிகவும் நிச்சயமற்ற எண். அதற்கும் ஒரு நம்பக இடைவெளி உண்டு, பல சமயம் அது மிக அகலமாக இருக்கும்.

அப்படியானால் சிதறலின் உண்மையான அளவை எப்படித் தெரிந்துகொள்வது? அதற்கு முன் இரண்டு விதமான சராசரிகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். மேலே Q-வுக்காக எடுத்த 0.65, ஃபிக்ஸட் எஃபெக்ட் முறையில் வந்தது. எல்லா ஆய்வுகளுக்கும் பொதுவாக ஒரே உண்மை இருப்பதாக அது எடுத்துக்கொள்கிறது. அதனால் துல்லியமான ஆய்வே ஆட்சி செய்கிறது. செங்கல்பட்டு ஒன்றுக்கே 41 சதவீத எடை. கட்டுரையின் தொடக்கத்தில் சொன்ன 0.49, ரேண்டம் எஃபெக்ட்ஸ் முறையில் வந்தது. ஒவ்வொரு இடத்துக்கும் தனித்தனி உண்மை உண்டு, அந்த உண்மைகளின் பரவலுக்கு நடுப்புள்ளி எது என்றுதான் இந்த முறை கேட்கிறது. இதில் செங்கல்பட்டின் எடை 10 சதவீதமாகக் குறைகிறது. சிறிய ஆய்வுகளின் குரல் உயர்கிறது.

ரேண்டம் எஃபெக்ட்ஸ் முறையின் 0.49-க்கு நம்பக இடைவெளி 0.34 முதல் 0.70 வரை. இதைப் பார்த்து, "எங்கே போட்டாலும் 30 முதல் 66 சதவீதம் பாதுகாப்பு உறுதி" என்று வாசிப்பவர்கள் உண்டு. அது சராசரியின் இடைவெளி மட்டும்தான். இதே போன்ற இன்னொரு ஊரில் புதிதாக ஊசி போட்டால் அங்கே உண்மையான விளைவு எங்கே இருக்கக்கூடும் என்று கேட்டால், அதற்குப் பதில் முன்கணிப்பு இடைவெளி. இந்தத் தரவுக்கு அது 0.15 முதல் 1.55 வரை. மிக நல்ல பாதுகாப்பிலிருந்து பாதுகாப்பே இல்லாத நிலை வரை எல்லாம் அதற்குள் அடங்குகிறது. 92 சதவீதம் என்ற எண் சொல்லாததை இந்த இரண்டு எண்கள் சொல்லிவிடுகின்றன. ஒரு கட்டுரையில் I²-ஐக் கொடுத்துவிட்டு முன்கணிப்பு இடைவெளியைக் கொடுக்காமல் விட்டிருந்தால், வாசகருக்கு அதிகம் தேவைப்படுவது விடுபட்டுப்போயிற்று என்றே நான் எடுத்துக்கொள்வேன்.

இந்தத் தரவு R மென்பொருளின் `metafor` தொகுப்போடு கிடைக்கிறது. நீங்களே வரைந்து பார்க்கலாம்:

```r
library(metafor)
d <- escalc(measure="RR", ai=tpos, bi=tneg,
            ci=cpos, di=cneg, data=dat.bcg)
m <- rma(yi, vi, data=d)
forest(m, atransf=exp)
predict(m, transf=exp)
rma(yi, vi, mods = ~ ablat, data=d)
```

வேறுபாடு எங்கிருந்து வந்தது

மேலே கடைசி வரியில் உள்ள `ablat` என்பது ஆய்வு நடந்த இடத்தின் அட்சரேகை, அதாவது பூமத்தியரேகையிலிருந்து எத்தனை டிகிரி தள்ளி இருக்கிறது என்பது. ஆய்வுகளை அந்த வரிசையில் அடுக்கினால் படத்தின் தோற்றமே மாறிவிடுகிறது. 13 டிகிரியில் உள்ள செங்கல்பட்டில் 1.01. அதே 13 டிகிரியில் உள்ள, ஆந்திராவின் மதனப்பள்ளி ஆய்வில் 0.80. 18 டிகிரியில் உள்ள போர்ட்டோ ரிக்கோவில் 0.71. பிரிட்டனுக்கு 52 டிகிரி, அங்கே 0.24. கனடாவின் சஸ்காச்சுவானில் 55 டிகிரி, 0.20. பூமத்தியரேகையை விட்டு விலக விலக ஊசியின் பலன் கூடுகிறது.

இந்தத் தொடர்பைக் கணக்கில் சேர்ப்பதற்கு மெட்டா ரெக்ரெஷன் என்று பெயர். அதைச் செய்தால், ஆய்வுகளுக்கு இடையிலான சிதறலில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கை அட்சரேகையே விளக்கிவிடுகிறது. 13 டிகிரியில் எதிர்பார்க்கக்கூடிய விகிதம் சுமார் 0.88 என்றும், 52 டிகிரியில் சுமார் 0.28 என்றும் அந்தக் கணக்கு சொல்கிறது. இப்போது 0.49 என்ற ஒற்றை எண் ஏன் யாருக்கும் பொருந்தவில்லை என்பது தெளிவாகிறது.

ஆனால் அட்சரேகை தடுப்பூசியைத் தடுப்பதில்லை. அது வேறு எதற்கோ பதிலாக நிற்கிறது. வெப்பமான ஈரப்பதமான இடங்களில் மண்ணிலும் நீரிலும் காசநோய்க் கிருமியின் உறவினக் கிருமிகள் அதிகம். அவற்றோடு ஏற்கெனவே பழகிய உடலுக்கு ஊசி புதிதாகக் கொடுக்கக்கூடியது குறைவு என்பது நீண்டகாலமாகச் சொல்லப்படும் விளக்கம். ஊசி போடும் முன் ஏற்கெனவே கிருமித் தொடர்பு உள்ளவர்களை எவ்வளவு கறாராகச் சோதித்து விலக்கினார்கள் என்பதும் ஆய்வுக்கு ஆய்வு மாறியது. பிற்கால ஆய்வுத் தொகுப்புகள் இதற்கு அதிக முக்கியத்துவம் கொடுக்கின்றன. அதோடு இந்த வரிசைக்கு அடங்காத ஆய்வும் உண்டு: ஹைட்டி 19 டிகிரியில்தான் இருக்கிறது, ஆனால் அங்கே கிடைத்தது 0.20. அட்சரேகையைச் சேர்த்த பிறகும் மிச்சமுள்ள I² சுமார் 68 சதவீதம். 13 புள்ளிகளை வைத்து இதற்கு மேல் இழுக்க முயன்றால், தரவில் இல்லாததையும் கண்டுபிடித்துவிடுவோம்.

இதைப் படித்துவிட்டு யாரும் குழந்தைக்கு பி.சி.ஜி. தேவையில்லை என்று எண்ணிவிடக் கூடாது. செங்கல்பட்டு ஆய்வு முதன்மையாகப் பார்த்தது நுரையீரல் காசநோயை. பச்சிளம் குழந்தைகளுக்கு மூளைச்சவ்வில் வரும் காசநோயையும், உடல் முழுதும் பரவும் கடுமையான காசநோயையும் இந்த ஊசி தடுக்கிறது என்பதற்கு வலுவான ஆதாரம் உண்டு. பிறந்தவுடன் போடுவது அதற்காகத்தான்.

ஃபனல் பிளாட்: ஒரு மூலை காலியாக இருந்தால்

இதுவரை பார்த்தது, கையில் உள்ள ஆய்வுகள் ஒன்றோடொன்று முரண்படுவதைப் பற்றி. கைக்கு வராமலே போன ஆய்வுகள் இருந்தால்? அதைச் சந்தேகிக்க உதவும் படம் ஃபனல் பிளாட். இதற்கு பி.சி.ஜி.யைவிட நல்ல உதாரணம், மாரடைப்புக்கு மெக்னீசியம் கொடுத்த கதை.

மாரடைப்பு வந்தவர்களுக்கு நரம்பு வழியாக மெக்னீசியம் ஏற்றினால் உயிரிழப்பு குறையுமா என்று 1980-களில் பல சிறு ஆய்வுகள் நடந்தன. அவற்றில் ஏழை 1991-இல் தொகுத்தார்கள். மொத்தம் 1,301 நோயாளிகள். மெக்னீசியம் பெற்ற 657 பேரில் 25 பேர் இறந்தார்கள். பெறாத 644 பேரில் 53 பேர். ஆபத்து பாதிக்கும் கீழே. அடுத்த ஆண்டு லிமிட்-2 என்ற ஆய்வு, 2,316 நோயாளிகளோடு, இறப்பு சுமார் கால் பங்கு குறைந்ததாகக் காட்டியது. பிறகு 1995-இல் ஐசிஸ்-4 வந்தது. 58,050 நோயாளிகள். மெக்னீசியம் பெற்றவர்களில் 7.64 சதவீதம் பேர் இறந்தார்கள், பெறாதவர்களில் 7.24 சதவீதம். பயனே இல்லை.

ஆய்வு பெரிதாகப் பெரிதாகப் பயன் கரைந்துகொண்டே போனதைக் கவனியுங்கள். ஃபனல் பிளாட் காட்டுவது இதைத்தான். கிடை அச்சில் விளைவு, செங்குத்து அச்சில் திட்டப் பிழை. துல்லியமான பெரிய ஆய்வுகள் மேலே, சிறியவை கீழே. ஒரு ஆய்வுக்கு ஒரு புள்ளி. சிறிய ஆய்வுகளில் தற்செயலின் ஆட்டம் அதிகம் என்பதால் அவை கீழே இருபுறமும் அகலமாகச் சிதற வேண்டும். மேலே போகப்போகக் குறுக வேண்டும். கவிழ்த்த புனல் போன்ற வடிவம். மெக்னீசியம் படத்தில் கீழ் இடப்புறம், அதாவது பயன் உண்டு என்ற பக்கம், புள்ளிகள் குவிந்திருக்கும். கீழ் வலப்புறம் வெறிச்சோடி இருக்கும். உச்சியில் ஐசிஸ்-4 தனியாக 1-ஐ ஒட்டி நிற்கும்.

வலப்புறம் ஏன் காலி? பயன் தெரியாத சிறு ஆய்வுகள் அச்சேறாமல் போயிருக்கலாம். இதுதான் வெளியீட்டுச் சாய்வு. ஆனால் ஃபனல் பிளாட் சமச்சீராக இல்லை என்றாலே வெளியீட்டுச் சாய்வு என்று எழுதுவது தவறு. சிறு ஆய்வுகளில் யாருக்கு மருந்து, யாருக்கு இல்லை என்பதைப் பிரிக்கும் முறை சரியாக இல்லாமல், பயன் மிகைப்பட்டிருக்கலாம். அல்லது சிறு ஆய்வுகளின் நோயாளிகளுக்கு உண்மையிலேயே அதிகப் பயன் கிடைத்திருக்கலாம். மெக்னீசியம் விஷயத்தில் இந்தக் கடைசி வாதத்தைச் சிலர் உறுதியாக முன்வைத்தார்கள்: ஐசிஸ்-4-இல் மெக்னீசியத்தைத் தாமதமாகக் கொடுத்தார்கள், சீக்கிரம் கொடுத்திருந்தால் பலித்திருக்கும் என்றார்கள். பி.சி.ஜி.க்கு அட்சரேகை எப்படியோ, அப்படி இது ஒரு நியாயமான விளக்கம்தான். அதைச் சோதிக்கவென்றே மேஜிக் என்ற ஆய்வு நடந்தது. அதிக ஆபத்துள்ள 6,213 நோயாளிகளுக்குச் சீக்கிரமே மருந்து ஏற்றினார்கள். 2002-இல் முடிவு வந்தது: மெக்னீசியம் பெற்றவர்களில் 475 பேர் இறந்தார்கள், பெறாதவர்களில் 472 பேர். சீக்கிரம் கொடுத்தும் பலன் இல்லை.

இங்கே எந்த முறையில் சராசரி எடுக்கிறோம் என்பதும் பெரிய வித்தியாசத்தை உண்டாக்குகிறது. ரேண்டம் எஃபெக்ட்ஸ் முறை சிறு ஆய்வுகளுக்கு எடையைக் கூட்டுகிறது என்று பார்த்தோம். சிறு ஆய்வுகள் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்திருந்தால், அந்தச் சாய்வையும் சேர்த்தே கூட்டுகிறது. மெக்னீசியம் ஆய்வுகளை ஃபிக்ஸட் எஃபெக்ட் முறையில் தொகுத்தால் விடை 1-ஐ ஒட்டி நிற்கிறது. ரேண்டம் எஃபெக்ட்ஸ் முறையில் தொகுத்தால், ஐசிஸ்-4-ஐச் சேர்த்த பிறகும், உயிர் காக்கும் மருந்து என்பதுபோல் விடை வருகிறது. இரண்டு முறைகளும் வெவ்வேறு விடை தந்தால், ஃபனல் பிளாட்டின் கீழ்ப்பகுதியைத் திரும்பப் போய்ப் பாருங்கள்.

கண்ணால் பார்ப்பது ஆளுக்கு ஆள் மாறும் என்பதால், சமச்சீரின்மையை அளக்க எகர் சோதனை போன்றவை உண்டு. ஆய்வுகள் பத்துக்குக் கீழே இருந்தால் அவற்றை வைத்துக்கொண்டு ஒன்றும் சொல்ல முடியாது. உண்மையான சாய்வையும் தற்செயலையும் பிரித்துப் பார்க்கும் திறன் அவற்றுக்கு அப்போது இருக்காது.

சரி, பி.சி.ஜி.க்கு ஃபனல் பிளாட் வரைந்தால்? 13 ஆய்வுகள் இருக்கின்றன, எண்ணிக்கை போதும். ஆனால் அந்தப் படத்தில் பெரிய ஆய்வுகளே புனலுக்கு வெளியே விழுகின்றன: செங்கல்பட்டு ஒரு பக்கம், பிரிட்டன் மறுபக்கம். குறுக வேண்டிய உச்சியே விரிந்து கிடக்கிறது. கீழே எந்த மூலை காலி என்று தேடுவதில் அங்கே பொருள் இல்லை, ஏனென்றால் எல்லாப் புள்ளிகளும் ஒரே மையத்தைச் சுற்றிச் சிதறுகின்றன என்பதுதான் ஃபனல் பிளாட்டின் அடிப்படை. அந்த 13 ஆய்வுகளுக்கு அப்படி ஒரு மையம் இல்லை. அங்கே வரைய வேண்டிய படம், கிடை அச்சில் அட்சரேகையும் செங்குத்து அச்சில் ஆபத்து விகிதமும் உள்ள படம்தான்.